கடன் கடிதத்தில் ஒரு வார்த்தை மாறினால் காலக்கெடு மாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமையியல் வழக்குகளை மட்டும் நடத்தும் ஒரு சிற்றூர் வக்கீலாக, என் மேசைக்கு வரும் கேள்விகளில் பாதி இவைதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். பதில்கள் இந்தியச் சட்டப்படி, அதுவும் கைமாற்று, புரோநோட்டு போன்ற ஈடில்லாத கடன்களுக்கு. வீடு, நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்குக் கெடு 12 ஆண்டு. அந்தக் கணக்கு வேறு.

மச்சான் 2022 ஜூன் 12-ம் தேதி ரெண்டு லட்சம் வாங்கிட்டு புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். நோட்டுல "கேட்கும்போது தருகிறேன்"னு இருக்கு. நான் இன்னும் கேட்கவே இல்லை. எப்போ வரைக்கும் கேஸ் போடலாம்?

2025 ஜூன் 12 வரை. 1963-ம் ஆண்டு காலவரம்புச் சட்டம் இதற்கு மூன்று ஆண்டு தருகிறது. "கேட்கும்போது" என்று எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை, நோட்டின் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள். நோட்டு எழுதிய நாளை மட்டும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். "நான் கேட்டால்தானே கெடு தொடங்கும்" என்று நினைத்துப் பொறுமையாக இருந்து பணத்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உறவுக்குள் கொடுத்த கடனில்தான் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் உறவில் யாரும் சீக்கிரம் கேட்பதில்லை.

"2023 டிசம்பர் 31-க்குள் தருகிறேன்" என்று நோட்டில் தேதி போட்டிருந்தால் கதை வேறு. அப்போது அந்தத் தவணை நாளிலிருந்து மூன்று ஆண்டு.

இந்த ரெண்டு லட்சம் ரூபாய் நோட்டையே கீழே பல இடங்களில் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 12.6.2022, 12.6.2025 என்ற இரண்டு தேதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூணு வருஷம் முடியறதுக்கு முன்னாடியே வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டேன். அதனால டைம் பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது. நோட்டீஸ் கெடுவை நிறுத்தாது, ஒரு நாள்கூட நீட்டாது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரும், ஊர்ப் பெரியவர்கள் முன் நடந்த பேச்சும் அப்படியே. கடன் கொடுத்தவர் தன் பக்கத்தில் என்ன எழுதினாலும் கெடு அசையாது. கடன் வாங்கியவர் கையெழுத்திட்டு எழுதுவதுதான் அதை அசைக்கும். நோட்டீசுக்கு அவர் பதில் போட்டால் அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதிலே வராவிட்டால் அந்த மௌனத்தை ஒப்புதல் என்று வைத்து புதுக் கெடு எண்ண முடியாது.

அவர் அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்?

கெடு முதலிலிருந்து தொடங்கும். காலவரம்புச் சட்டத்தின் 18-வது பிரிவு சொல்வது இதுதான்: பழைய கெடு முடிவதற்குள், கடன் பொறுப்பை ஒப்புக்கொண்டு, கடனாளி எழுத்தில் கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு.

நம் உதாரணத்தில், மச்சான் 2024 மார்ச் 5 அன்று "12.6.2022 தேதியிட்ட நோட்டுப்படி நான் தர வேண்டிய தொகைக்கு இன்னும் ஆறு மாதம் அவகாசம் வேண்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். புதுக் கெடு 2027 மார்ச் 5 வரை. பழைய கெடுவான 2025 ஜூனோடு மூன்று ஆண்டைக் கூட்டி 2028 என்று கணக்குப் போடுகிறார்கள் சிலர். அது தவறு. கையெழுத்து விழுந்த நாள் ஒன்றே தொடக்கம்.

"தருகிறேன்" என்ற வாக்குறுதி அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியதில்லை. தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. கடன் கொடுத்தவருக்கே எழுதியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. மச்சான் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதி, "அவருக்கு இன்னும் ரெண்டு லட்சம் கொடுக்கணும், அதை நினைச்சாத்தான் தூக்கம் வரலை" என்று சொல்லிக் கையெழுத்திட்டிருந்தால் அதுவும் போதும். எழுதும் அந்த நாளில் தனக்கு ஒரு கடன் பொறுப்பு இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. 1961-ல் ஷாபூர் மஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நேரடியாகச் சொல்லாவிட்டாலும் வார்த்தைகளிலிருந்து அந்த எண்ணம் தெரிந்தால் போதும், இத்தகைய எழுத்துகளைத் தாராளமாகவே படிக்க வேண்டும், ஆனால் இல்லாத ஒப்புதலை நீதிமன்றம் தானாக உண்டாக்கிக்கொள்ளக் கூடாது என்றது.

நோட்டீசுக்கு நானே கோபத்துல பதில் எழுதிட்டேன். "உனக்குத் தர வேண்டியதைத் தர முடியாது, கோர்ட்டுக்குப் போ"ன்னு. மறுத்துத்தானே எழுதியிருக்கேன்?

நீங்கள் மறுத்தது பணம் கொடுப்பதை. கடனை மறுக்கவில்லை. "தர வேண்டியதை" என்ற ஒரு சொல் கடனை ஒத்துக்கொண்டுவிட்டது. கெடு முடிவதற்குள் எழுதியிருந்தால், அந்தக் கடிதம் கடன் கொடுத்தவருக்கு இன்னும் மூன்று ஆண்டு கொடுத்துவிட்டது. 18-வது பிரிவின் விளக்கத்திலேயே இது இருக்கிறது: ஒப்புதலோடு சேர்த்துப் பணம் தர மறுத்திருந்தாலும் அது ஒப்புதல்தான். தவணை நாள் இன்னும் வரவில்லை என்று சொன்னாலும், எதிர்க்கடனைக் கழித்துக்கொள்ளச் சொன்னாலும் அப்படியே.

இந்தக் கழிவு விஷயத்தில்தான் வியாபாரிகள் விழுகிறார்கள். "உங்களிடம் வாங்கிய ரெண்டு லட்சம் இருக்கட்டும், நீங்கள் எனக்குச் சரக்குப் பாக்கி ரெண்டரை லட்சம் தர வேண்டும், கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்" என்று எழுதுகிறார்கள். படித்தால் எதிராளியை மடக்கியது போல இருக்கும். ஆனால் ரெண்டு லட்சம் கடனுக்குப் புது ஆயுள் கிடைத்துவிட்டது. அந்தச் சரக்குப் பாக்கிக்கு எதிராளி கையெழுத்திட்ட ஒப்புதல் எதுவும் இல்லையென்றால், அது தன் பழைய தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் உங்கள் பாக்கி காலாவதியாகி, அவருடைய கடன் மட்டும் உயிரோடு நிற்கும்.

தொகையில் மட்டும் தகராறு என்றால் அதை அளவோடு எழுத வேண்டும். "ரெண்டு லட்சம் என்பது தவறு, நான் தர வேண்டியது அறுபதாயிரம் மட்டுமே" என்றால் அறுபதாயிரத்துக்குத்தான் ஒப்புதல். மீதி ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கெடு பழைய தேதியிலிருந்தே ஓடும். மாறாக "நீங்கள் சொல்லும் தொகை அதிகம்" என்று மட்டும் எழுதினால், ஏதோ ஒரு தொகை உண்டு என்று வாசிக்க இடம் கொடுக்கிறீர்கள். ஒப்புக்கொள்ளும் தொகை உண்மையிலேயே இருந்தால் அதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, "இதற்கு மேல் எந்தப் பாக்கியும் இல்லை" என்று சேர்த்துவிடுவது நல்லது.

நான் வாங்கினது உண்மை, ஆனா முழுசும் திருப்பிக் கொடுத்துட்டேன். நோட்டை மட்டும் திருப்பி வாங்காம விட்டுட்டேன். இப்போ "வாங்கினேன்"னு எழுதினா மாட்டிக்குவேனா?

காலக்கெடு விஷயத்தில் மாட்ட மாட்டீர்கள். "12.6.2022 அன்று வாங்கினேன், 2023 நவம்பரில் முழுவதும் செலுத்திவிட்டேன், இப்போது பாக்கி எதுவும் இல்லை" என்பது கடந்துபோன பொறுப்பைப் பற்றிய பேச்சு. எழுதும் நாளில் பொறுப்பு இருக்கிறது என்று சொன்னால்தான் புதுக் கெடு பிறக்கும்.

ஆனால் வேறொரு சுமை உங்கள் தலையில் ஏறும். வாங்கியதை ஒத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ரசீது, வங்கிக் கணக்கு, கொடுத்தபோது பக்கத்தில் இருந்தவர் என்று ஏதாவது வேண்டும். அதற்காக "வாங்கவே இல்லை" என்று பொய் எழுதச் சொல்ல மாட்டேன். நோட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, நிபுணருக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நீதிபதி நம்ப மாட்டார்.

சீட்டுப் பிடிக்கும்போது வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களும் இதேபோல் கேட்கிறார்கள். "கையெழுத்து என்னுடையது, சீட்டுக்காக வெற்றாகக் கொடுத்தது, இந்த நோட்டுக்கு நான் பணம் எதுவும் பெறவில்லை" என்று எழுதலாம். அது கடன் ஒப்புதல் ஆகாது. ஆனால் கையெழுத்தை ஒத்துக்கொண்டதும், பணம் கைமாறியது என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். அதை உடைக்கும் ஆதாரம் உங்களிடமிருந்து வர வேண்டும்.

"கணக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்"னு நழுவலா எழுதினா பாதுகாப்புதானே?

எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "உங்கள் கணக்கின் நகலை அனுப்புங்கள், பார்த்த பிறகு என் பதிலைச் சொல்கிறேன்" என்பதில் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "நமக்குள் கணக்கு இன்னும் தீராமல் இருக்கிறது, உட்கார்ந்து பார்த்து முடித்துக்கொள்வோம்" என்பது வேறு. முடியாத கணக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால், பாக்கி என் பக்கம் விழுந்தால் நான் தருவேன் என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இதற்கு மணிராம் – சேட் ரூப்சந்த் என்று 1906-ல் பிரிவி கவுன்சில் முடித்த ஒரு வழக்கு உண்டு. இறந்துபோன ஒருவரின் உயில் சம்பந்தமாக ரூப்சந்த் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டார். அவர் இறந்தவருக்குக் கடன்பட்டவர் என்று எதிர்ப்பு வந்தது. அதற்குப் பதிலாக, இறந்தவரோடு கடந்த ஐந்து வருடமாகத் தனக்கு நடப்புக் கணக்கு இருந்தது, சொல்லப்படும் கடன் தன் மனு உரிமையைப் பாதிக்காது என்று எழுதிக் கொடுத்தார். கடனைப் பற்றிய வழக்கே அல்ல அது. கடன் கேட்டவருக்கு எழுதிய கடிதமும் அல்ல. பின்னால் கடனுக்கு வழக்கு வந்தபோது அந்த ஒரு வரி கெடுவைப் புதுப்பித்துவிட்டது. நூறு ஆண்டு தாண்டியும் இந்தத் தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நோட்டுக்குப் பின்னாடி வரவு எழுதி வச்சிருக்கேன். "5.3.2024 ரூ.20,000 வரவு". இது போதுமா?

யார் எழுதியது, யார் கையெழுத்து? நீங்களே எழுதி நீங்களே கையெழுத்திட்டிருந்தால் கெடுவுக்கு அதனால் பயனில்லை. 19-வது பிரிவுப்படி, கெடுவுக்குள் அசலிலோ வட்டியிலோ ஒரு பகுதி செலுத்தினால் செலுத்திய நாளிலிருந்து புது மூன்று ஆண்டு உண்டு. ஆனால் அந்தச் செலுத்தல், செலுத்தியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ பதிவாகியிருக்க வேண்டும்.

வரவை அவரே எழுதட்டும். எழுதத் தெரியாதவர் என்றால் நீங்கள் எழுதிக் கீழே அவர் கையெழுத்துப் போடட்டும். இப்படி இருந்தால் போதும்:

"இந்த நோட்டுப்படி நான் தர வேண்டிய கடனில் இன்று 5.3.2024 ரூ.20,000 (இருபதாயிரம்) வட்டி வகையில் செலுத்தியிருக்கிறேன்."

இதில் இரண்டு பலன் உண்டு. செலுத்தல் என்ற வகையில் 19-வது பிரிவு, "நான் தர வேண்டிய கடனில்" என்ற சொற்களால் 18-வது பிரிவு. ஒன்றில் தகராறு வந்தாலும் மற்றொன்று நிற்கும். தேதியை மட்டும் வேறு பேனாவில் பிறகு நிரப்பாதீர்கள். 2025 ஜூன் 12-ஐத் தாண்டி வாங்கிய வரவை அதற்கு முந்தைய தேதி போட்டு வைத்தால் குறுக்கு விசாரணையில் முழு நோட்டும் ஆட்டம் காணும்.

இப்போது பலரும் ஜிபேயில் அனுப்புகிறார்கள். பணம் வந்ததை வங்கிக் கணக்கு காட்டும். எந்தக் கடனுக்காக வந்தது என்பதையும், செலுத்தியவரின் கையொப்பத்தையும் அது காட்டாது. பணம் வந்த அன்றே அவரிடம் நோட்டின் பின்பக்கம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காசோலையாகக் கொடுத்து அது பணமாகிவிட்டால் இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் காசோலையே அவர் கையெழுத்திட்ட எழுத்து. அதன் நகலை வங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள்.

மூணு வருஷம் முடிஞ்சு போச்சு. இப்போ அவரா வந்து எழுதிக் கொடுக்கிறேன்னு சொல்றார். பிரயோஜனம் உண்டா?

உண்டு, ஆனால் இப்போது வேறு வார்த்தை வேண்டும். இங்கேதான் ஒரு வினைச்சொல்லில் எல்லாம் மாறுகிறது.

கெடு தாண்டிய பிறகு 18-வது பிரிவு உதவாது. முடிந்துபோன கெடுவை ஒப்புதலால் புதுப்பிக்க முடியாது. அதற்கு 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு, மூன்றாம் உட்பிரிவுக்குப் போக வேண்டும். காலாவதியான கடனை முழுவதுமோ ஒரு பகுதியோ தருவதாகக் கடனாளி எழுத்தில் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால், அதுவே ஒரு புது ஒப்பந்தம்.

நம் நோட்டின் கெடு 2025 ஜூன் 12-ல் முடிந்தது. ஆகஸ்ட் 20 அன்று மச்சான் எழுதுகிறார்: "தங்களுக்கு நான் ரூ.2,00,000 தர வேண்டியிருப்பது உண்மை." இது வெறும் ஒப்புதல். ஜூன் 12-க்கு முன் எழுதியிருந்தால் தங்கம். இப்போது பயனில்லை. அதே கடிதத்தில் "அந்த ரூ.2,00,000-ஐ 2026 மார்ச் 31-க்குள் தந்துவிடுகிறேன்" என்று ஒரு வரி சேர்த்தால் அது வாக்குறுதி. 2026 மார்ச் 31-ல் தராவிட்டால் அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. "ஒரு லட்சம் மட்டும் தருகிறேன்" என்றால் அந்த ஒரு லட்சத்துக்குத்தான் வழக்கு. "நிலம் விற்றால் தருகிறேன்" என்றால் நிலம் விற்ற பிறகுதான் கேட்க முடியும்.

புது நோட்டு எழுதி வாங்கினாலும் சரிதான், நோட்டு என்பதே வாக்குறுதி. பழைய நோட்டின் பின்னால் வரவு மட்டும் எழுதி வாங்குவது இந்தக் கட்டத்தில் வீண். கெடு தாண்டிய பிறகு அவர் இருபதாயிரம் கொடுத்தாலும் மீதிக்கு உயிர் வராது.

கடனாளிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "காலாவதி ஆனது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்பது இங்கே எடுபடாது. பிரிவில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. காலாவதி என்பதால் கடன் அழிந்துவிடுவதும் இல்லை. வழக்குப் போடும் வழி மட்டுமே அடைபடுகிறது. அதனால் தெரியாமல் கொடுத்துவிட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பழைய நோட்டை எடுத்துக்கொண்டு யாராவது கையெழுத்துக்கு வந்தால், முதலில் நோட்டின் தேதியைப் பாருங்கள்.

மே மாசம் கெடு முடியுது, கோர்ட் லீவு. லீவு முடியறதுக்குள்ள எழுதி வாங்கினாப் போதுமா?

போதாது. கெடு விடுமுறைக்குள் முடிந்தால், நீதிமன்றம் திறக்கும் நாளில் வழக்கைத் தாக்கல் செய்யலாம். அந்தச் சலுகை தாக்கலுக்கு மட்டும்தான். கெடு அதனால் நீளவில்லை. மே 15-ல் கெடு முடிந்திருக்க, மே 25-ல் ஒப்புதல் வாங்கினால் அது கெடு தாண்டிய ஒப்புதல்.

கடிதத்துக்கு மேல "என் உரிமைகளுக்குப் பாதகமின்றி"ன்னு போட்டுட்டா எதுவும் எழுதலாமா?

அந்தத் தலைப்பு உங்களை எல்லா இடத்திலும் காப்பாற்றாது. இரண்டு தரப்புக்கும் நிஜமாகவே தகராறு இருந்து, சமரசத்துக்காக ஒரு தொகையைச் சொல்லி, இதைச் சாட்சியமாகக் காட்டக் கூடாது என்று எழுதினால் மதிப்பு உண்டு. கடனைப் பற்றித் தகராறே இல்லாமல் தவணை மட்டும் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இந்தத் தலைப்பு கவசம் ஆகாது. ஐடிசி – புளூ கோஸ்ட் ஹோட்டல்ஸ் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது.

வங்கிக்கு "ஒரே தடவையில் இவ்வளவு கட்டி முடித்துக்கொள்கிறேன்" என்று கொடுக்கும் கடிதமும் இந்த வகை. கெடுவுக்குள் கொடுத்த அத்தகைய கோரிக்கையை ஒப்புதலாகக் கொள்ளலாம் என்று 2021-ல் தேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்காகச் சமரசத்துக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கடன் நிஜம், கட்டும் எண்ணமும் இருக்கிறது என்றால் தாராளமாக எழுதுங்கள். கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எழுதுகிறோம் என்பது தெரிந்து எழுதினால் போதும்.

வாட்ஸ்அப்ல "அண்ணா, பணம் தரணும்னு ஞாபகம் இருக்கு, தை மாசம் தர்றேன்"னு அனுப்பியிருக்கார். செல்லுமா?

மின்னஞ்சலில் வந்த ஒப்புதலை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. வாட்ஸ்அப்பில் கையொப்பம் எது, அனுப்பியது அவர்தானா என்று சண்டை வரும். கடன் கொடுத்தவர் என்றால் அதை மட்டும் நம்பிக் கெடுவைத் தாண்ட விடாதீர்கள். அந்தச் செய்தியைக் காட்டி, தை மாதத்துக்குக் காத்திருக்காமல், ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். கடன் வாங்கியவர் என்றால் அதுவும் செல்லும் என்றே நினைத்து எழுதுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு பேருக்கும் வேறு வேறு பதில் சொல்கிறேன். இருவருக்கும் ஆபத்து எதிரெதிர்த் திசையில் இருக்கிறது.

நோட்டுல அவரும் அவர் தம்பியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அண்ணன்கிட்ட மட்டும் ஒப்புதல் வாங்கினேன்.

அண்ணனுக்கு மட்டும் கெடு புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்பதற்காக மட்டும் இன்னொருவரைக் கட்டுப்படுத்த முடியாது. 20-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. தம்பி தன் சார்பில் எழுத அண்ணனுக்கு அதிகாரம் கொடுத்திருந்தால் வேறு. இல்லையென்றால் இருவரிடமும் வாங்குங்கள்.

கடனாளி இறந்துபோய், அவர் உயிரோடு இருந்தபோது கொடுத்த ஒப்புதல் கையில் இருந்தால், அது அவருடைய வாரிசுகளுக்கு எதிராகவும் செல்லும். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்கு அவர்களிடம் கேட்கலாம்.

எதையும் ஒத்துக்காம, பொய்யும் சொல்லாம பதில் எழுதணும். எப்படி எழுதறது?

உண்மை எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், பிறகு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். பழக்கத்தில் வந்து விழும் வாசகங்கள்தான் ஆபத்து: "தங்கள் பாக்கி விஷயமாக", "என் கஷ்டம் தாங்கள் அறிந்ததே", "சிறிது பொறுத்துக்கொள்ளவும்". மரியாதைக்காக எழுதுகிறோம், சட்டத்தில் அவை ஒப்புதலாகப் போய் நிற்கின்றன.

முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டவருக்கு நான் எழுதிக் கொடுக்கும் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"தங்கள் 2.5.2025 தேதியிட்ட நோட்டீஸ் கிடைத்தது. 12.6.2022 தேதியிட்ட நோட்டின்படியான தொகை முழுவதையும் 18.11.2023 அன்று என் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்திவிட்டேன். இன்றைய தேதியில் அந்த நோட்டின்படியோ வேறு எந்த வகையிலோ தங்களுக்கு நான் எந்தத் தொகையும் தர வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தின் எந்தப் பகுதியும் கடனை ஒப்புக்கொண்டதாகாது. அசல் நோட்டைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நான்காவது வரியை எல்லோரும் பெரிதாக நினைக்கிறார்கள். காப்பாற்றுவது மூன்றாவது வரிதான். "இன்றைய தேதியில்" என்ற சொல் அதில் கட்டாயம் இருக்கட்டும். கெடு ஏற்கெனவே முடிந்திருந்தால் "கோரிக்கை காலவரம்பைத் தாண்டியது" என்றும் ஒரு வரி சேர்க்கலாம். சேர்க்காவிட்டாலும் நீதிமன்றம் தானாகவே அதைப் பார்த்தாக வேண்டும் என்பது 3-வது பிரிவு. கடன் உண்மை, காலாவதி ஒன்றுதான் உங்கள் வாதம் என்றால், "கடன் உண்டு, ஆனால் காலாவதி" என்று எழுதி அனுப்புவதற்கு முன் தேதியை இரண்டு தடவை எண்ணுங்கள். ஒரு நாள் தவறி எண்ணியிருந்தால் அந்தக் கடிதமே கடனுக்கு இன்னும் மூன்று ஆண்டு கொடுத்துவிடும்.

அவர் எழுதிக் கொடுத்த கடிதத்துல தேதி இல்லை. இன்னொரு கடிதம் தொலைஞ்சே போச்சு.

தேதி இல்லாதது பெரிய குறை இல்லை. எந்த நாளில் கையெழுத்திட்டார் என்று வாய்மொழிச் சாட்சியம் சொல்லலாம். எழுதும்போது உடன் இருந்தவர் இருந்தால் நல்லது. தொலைந்துபோன கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் சும்மா வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. அது தொலைந்தது எப்படி என்று காட்டி, ஜெராக்ஸோ செல்போனில் எடுத்த படமோ இருந்தால் இரண்டாம்நிலைச் சாட்சியமாக ஏற்க நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

இரண்டையும் பிராதிலேயே எழுதச் சொல்லுங்கள். நோட்டின் தேதியை வைத்துப் பார்த்தால் கெடு தாண்டியிருக்கும் வழக்கில், எந்த ஒப்புதலால் அது கெடுவுக்குள் வருகிறது என்று பிராது சொல்ல வேண்டும் என்பது விதி. ஒப்புதல் கடிதத்தை விசாரணையில் எடுத்துக் காட்டிக்கொள்ளலாம் என்று பையில் வைத்திருந்தால், வழக்கு அதற்கு முன்பே நிராகரிக்கப்படலாம்.